மூன்று பரப்பில் ஒரு நெற்கதிர்

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் இருக்கும் அந்த அச்சுக் கடைக்குச் சோறு போடுவது தாம்பூலப் பை. முகூர்த்த மாதம் முடிந்துவிட்டால் குவளையும் டி-ஷர்ட்டும்தான் கைகொடுக்கும். நான் போனபோது ஒரு பாரம்பரிய நெல் வியாபாரியின் லோகோ திரையில் இருந்தது. வெள்ளை வட்டத்துக்குள் பச்சை நெற்கதிர், அடியில் ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்ற எழுத்து. குவளை, டி-ஷர்ட், மஞ்சப்பை மூன்றிலும் அது எப்படி இருக்கும் என்று அச்சடிக்கும் முன்பே பார்க்க வேண்டுமாம் அவருக்கு. அப்படிக் காட்டும் படத்தைத்தான் மாக்கப் என்கிறார்கள்.

கடையின் வடிவமைப்பாளர் இளம்பெண். படம் வரையும் ஏஐ மென்பொருளுக்கு எழுதித் தருவது அவர் வேலை. “லோகோவையும் சேர்த்து வரையச் சொன்னா சம்பாவுல ‘ம்’முக்கு ரெண்டு புள்ளி வச்சிடுதுண்ணே” என்றார். அதனால் மென்பொருளிடம் வெறும் குவளையை மட்டும் வாங்கிக்கொண்டு, லோகோவைப் பிறகு தானே ஏற்றுகிறார். அவர் தட்டச்சு செய்தது இவ்வளவுதான்:

```
blank white 11 oz ceramic mug, handle on the right,
camera 20 degrees above the rim, long lens,
soft window light from the left, one vertical highlight,
no text, no logo
```

பார்வைக் கோணத்தைச் சொல்லாவிட்டால் லோகோவை எவ்வளவு வளைப்பது என்று தெரியாது. சொன்னாலும் மென்பொருள் அப்படியே கேட்பதில்லை. அவரும் அதை நம்புவதில்லை. வந்த படத்தில் குவளை வாயின் நீள்வட்டத்தை அளக்கிறார். அகலம் 1000 பிக்சல் என்றால் உயரம் 340 அளவில் இருந்தால்தான் 20 டிகிரி. உயரம் 500 வந்தால் அது 30 டிகிரிப் பார்வை. அதற்கேற்ப லோகோவை இன்னும் வளைக்க வேண்டும்.

கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். குவளையின் விட்டம் 8.2 செ.மீ., லோகோவின் அகலம் 8 செ.மீ. சுற்றி ஒட்டினால் அது நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 56 டிகிரி வரை போகும். எதிரே நின்று பார்ப்பவருக்கு 8 செ.மீ. தெரியாது, 6.8 செ.மீ.தான் தெரியும். நடு எழுத்து முழு அகலத்தில் இருக்க, ஓரத்து ‘மா’வும் ‘பா’வும் பாதிக்குச் சற்று மேலான அகலத்துக்கு ஒடுங்கிவிடும். மேலிருந்து பார்ப்பதால் எழுத்து வரிசையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 6 மி.மீ. தாழ்ந்து தொங்கும். போலி மாக்கப்பை இங்கேயே பிடித்துவிடலாம்: குவளையின் அடி விளிம்பு வளைந்திருக்கும், எழுத்து மட்டும் ஸ்டிக்கர் மாதிரி நேராக நிற்கும். எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்தாலும் சந்தேகப்படலாம்.

கடைசியாக வெளிச்சம். குவளையில் விழும் வெள்ளைக் கோடு லோகோவின் மேலும் ஓட வேண்டும். லோகோ அந்தக் கோட்டை மறைத்தால், எவ்வளவு சரியாக வளைத்திருந்தாலும் ஒட்டிவைத்ததாகவே தெரியும்.

உள்ளறையில் குவளை அச்சு எந்திரம் 180 டிகிரியில் சூடாகிக்கொண்டிருந்தது. அதை இயக்குபவர் நடுவயதுக்காரர். படத்தை அவர் பார்க்கும் விதம் வேறு. “கைப்பிடி வரைக்கும் டிசைன் போட்டு அனுப்பாதம்மா, ஹீட்டர் அங்க போய் அழுத்தாது” என்றார். கைப்பிடிக்கு இரு பக்கமும் இரண்டு செ.மீ. அளவுக்காவது விட்டுத்தான் அச்சடித்த தாளை ஒட்டுவார். மேலே பாலியஸ்டர் பூச்சு இல்லாத சாதாரணப் பீங்கானில் தாளிலிருந்து ஏறும் இந்த மை பிடிக்காது. அதனால் படத்தில் மண் நிறக் குவளை அழகாக இருந்தாலும் அந்தப் படம் இந்தக் கடைக்கு உதவாது.

டி-ஷர்ட்டில் ஏமாற்றுவது சுருக்கம். மென்பொருள் துணிக்கு மடிப்பு போட்டுவிடும். லோகோவின் கோடு மடிப்பைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போகும். துணியின் வெளிச்சம்-நிழலை வைத்து போட்டோஷாப்பின் `Displace` மூலம் கோட்டைச் சற்று நகர்த்துகிறார் வடிவமைப்பாளர். ரொம்பவும் நகர்த்தக் கூடாது என்பது எந்திரக்காரரின் கட்சி. டிடிஎஃப் முறையில் துணிமேல் ஒட்டுவது ஒரு படலம். உள்ளங்கை அகல வெள்ளை வட்டம் சட்டையில் விறைத்து நிற்கும், சிறு சுருக்கம் அதைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர உள்ளே நுழையாது. எனக்கும் அவர் சொன்னதுதான் சரியென்று பட்டது.

மஞ்சப்பை பழைய சரக்கு. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபின் பிற ஊர்க்காரர்களும் கேட்கிறார்களாம். பருத்தி என்பதால் குவளைக்குப் போடும் மை இதில் நிற்காது, ஸ்கிரீன் பிரிண்டிங்தான். பையில் படம் செய்யும் பெரிய பொய் வெள்ளை நிறம். திரையில் வட்டம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். மஞ்சள் துணியில் வெள்ளைக்குத் தனியாக ஒரு திரை போட்டு இழுக்காவிட்டால் அந்த இடம் வெறும் மஞ்சள்தான். அதற்குக் கூலி கூடும். வடிவமைப்பாளர் வட்டத்தை எடுத்துவிட்டு, கதிரையும் எழுத்தையும் மட்டும் பச்சையில் வைத்தார். பையையும் காலியாகக் காட்டாமல் இரண்டு கிலோ அரிசி போட்டது போல் கீழ்ப்பக்கம் உப்பவைத்தார். எழுத்து உப்பலின் மேல் விழுந்தால் கீழ்வரி விரிந்து தெரியும், அதனால் லோகோவைக் கைப்பிடிப் பக்கம் ஏற்றினார்.

மூன்று படமும் வாட்ஸ்அப்பில் போயின. வியாபாரியின் முதல் கேள்வி, குவளையில் எழுத்து ஏன் சின்னதாக இருக்கிறது என்பது. குவளைப் படத்தின் கீழே “அச்சில் அகலம் 8 செ.மீ.” என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினார் அந்தப் பெண்.