கடைசியாக நலமாகப் பார்த்தது யார்?

பக்கவாதம் என்று சந்தேகிக்கப்படும் நோயாளியை 108 வண்டியின் ஊழியர்கள் டாக்டரிடம் ஒப்படைக்கும் முறையைக் காண விரும்பி, ஜில்லாத் தலைமை மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் விடியற்காலையிலேயே போய் அமர்ந்திருந்தேன். வண்டியிலிருந்து முன்னதாகவே தொலைபேசியில் செய்தி வந்துவிட்டபடியால், 7.20க்கு ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது டாக்டரும் நர்ஸும் ஆயத்தமாக நின்றார்கள். இ.எம்.டி. என்று அங்கே அழைக்கப்படும் இளைஞர், கையிலிருந்த சீட்டைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியதும் மற்றப் பேச்செல்லாம் நின்றது.

"62 வயசு அம்மா, சார். பக்கவாதம்னு சந்தேகம். கடைசியா நல்லா இருந்தது காலை 5.30, பார்த்தது மருமக, கூடவே வந்திருக்காங்க. 6.30க்கு மகன் பார்த்தப்போ கீழே கிடந்தாங்க. அவங்களோட வலது பக்கம் வாய் தொங்குது, வலது கையைத் தூக்கினா நிக்கல, பேச்சு குழறுது. வலிப்பு வரல. சுகர் 118. பி.பி. 190க்கு 100. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரை ஏதும் இல்ல, பி.பி. மாத்திரை அட்டை இதோ."

ஒரு நிமிஷம்கூட ஆகாத இந்த ஒப்புவித்தலின் உயிர்நிலை அந்த 5.30தான். வீட்டிலே மகன் 6.30க்கு விழுந்ததாகவே சாதித்தாராம். ஆனால், விழுந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா, விழுந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று இளைஞர் விடாமல் கேட்டதன் பேரில்தான், 5.30க்கு வாசலில் கோலமிட்ட மாமியாரோடு தாம் பேசியதாக மருமகள் முன்வந்து சொன்னாராம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேன் காட்டிய பிறகு, அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் சாதாரணமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டியிருப்பதால், இந்த அம்மாளுக்கு எல்லை 10.00 மணி. மகனுடைய கணக்கை நம்பியிருந்தால் அது 11.00 ஆகி, காலம் கடந்த மருந்தால் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் நேரலாம். மருமகள் பேசாமலிருந்தாலோ, இரவு 10.00 மணிக்குப் படுக்கப் போனதே கடைசி நேரமாகி, வண்டி வருமுன்பே அவகாசம் தீர்ந்திருக்கும்.

மற்ற விவரங்களுக்கும் காரணம் உண்டு. சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போன்ற தோற்றம் உண்டாகுமாதலால் அதை வழியிலேயே சோதிக்கிறார்கள். ரத்த அழுத்தம் 185க்கு 110 என்ற அளவுக்குக் கீழே வந்தாலன்றி அம்மருந்தைக் கொடுக்க இயலாது. ஆயினும், அடைபட்ட மூளைக்கு அந்த அழுத்தமே ஆதாரமாக இருக்கக்கூடுமாதலால், வண்டியில் அதைக் குறைக்க முயலாமல் எண்ணை மட்டும் சொல்லி டாக்டரிடம் விட்டுவிடுகிறார்கள்.

டாக்டர், "5.30, மருமக பார்த்தது, வலது பக்கம், சரிதானே?" என்று திருப்பிச் சொல்லி, இளைஞர் ஆமென்றதும், மருமகளைத் தம்முடன் அழைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரை நேரே ஸ்கேன் அறைக்குத் திருப்பினார்.