ஸ்பூன் கணக்கு

"ஒரு ஸ்பூன்" என்று சொல்லும்போது நாம் எல்லோரும் ஒரே அளவைத்தான் சொல்கிறோமா? இல்லவே இல்லை என்பது என் அபிப்பிராயம். முப்பது வருஷம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்துவிட்டு, இப்போது மொரப்பூரில் மகள் வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் வந்தாலும், மருந்து பாட்டில் ஒரு தடவை எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டுத்தான் குழந்தையின் வாய்க்குப் போகும்.

போன வருஷம் பொங்கலுக்கு எதிர் வீட்டு மருமகள் பெங்களூரிலிருந்து குழந்தையுடன் வந்திருந்தாள். பையனுக்கு இரண்டரை வயசு. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததோ என்னவோ, மறுநாளே உடம்பு அனலாகக் கொதித்தது. பழைய மருந்துச் சீட்டு அவள் கையில் இருந்தது. இந்தக் காலத்துப் பெண், எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறாள். பாராசிடமால் சிரப், ஒன்றரை டீஸ்பூன் என்று அதில் எழுதியிருந்தது. கடைக்குப் போய் ஆள் வாங்கி வந்தாகிவிட்டது.

"பெரியம்மா, ஒன்றரை டீஸ்பூன்னா எத்தனை மில்லி?" என்று கேட்டாள்.

கேள்வி நல்ல கேள்வி. டீஸ்பூன் என்று மருந்துச் சீட்டில் எழுதினால் 5 மில்லி லிட்டர். ஒன்றரை என்றால் ஏழரை. கணக்கு அவ்வளவுதான், இரண்டாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பாட்டிலைத் திருப்பிப் பார்க்காமல் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 120 என்று ஓர் எண் இருந்தது. வாங்கி வந்த பாட்டிலில் 250 என்று இருந்தது. "120 இல்லையாம், இதுவும் அதே மருந்துதானாம்" என்றாள் அவள். அதே மருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டாலும் சர்க்கரைத் தண்ணீர்தான், இரண்டு ஸ்பூன் போட்டாலும் சர்க்கரைத் தண்ணீர்தான். குடித்துப் பார்த்தால் அல்லவா தெரியும்! 120 என்றால் 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்து கரைந்திருக்கிறது. 250 என்றால் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். ஏறக்குறைய இரண்டு பங்கு.

திண்ணையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குழந்தையின் எடை வேண்டும். வீட்டில் எடை மெஷின் இருந்தது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினால் 64 கிலோ, இறக்கிவிட்டு ஏறினால் 52. ஆகவே பையன் 12 கிலோ. பாராசிடமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். 15 என்று வைத்துக்கொண்டால் 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். 120 பாட்டிலில் ஒரு மில்லிக்கு 24 மில்லிகிராம் இருக்கிறது. 180-ஐ 24-ஆல் வகுத்தால் ஏழரை மில்லி. டாக்டர் எழுதிய ஒன்றரை டீஸ்பூன் இதுதான், அவர் கணக்கு துல்லியம். 250 பாட்டிலிலோ ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். 180-ஐ 50-ஆல் வகுத்தால் 3.6 மில்லிதான் வரும்.

ஏழரை மில்லியை இந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றியிருந்தால் 375 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். ஒரு வேளை அப்படிப் போனால் பெரிய ஆபத்து வந்துவிடாது. ஆனால் ஜுரம் ஒரு வேளையோடு நிற்கிறதா? நாளைக்கு நாலு தடவை, மூன்று நாள் என்று போனால் அந்தப் பிஞ்சு ஈரல் அத்தனையையும் தாங்க வேண்டும். அங்கேதான் பயம்.

இதைவிட மோசமான பாட்டில் ஒன்று உண்டு. கைக்குழந்தைகளுக்கென்று சொட்டு மருந்தாக வருவது. பாட்டில் சின்னது, மருந்தோ வீரியம் மிக்கது. ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். நம் பையனுக்கு அதில் 1.8 மில்லி போதும். "சின்னக் குழந்தைக்கு உள்ளது, சாதுவாகத்தான் இருக்கும்" என்று நினைத்து அதை ஸ்பூனில் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண் கிடைத்துவிட்டது. இனி அளப்பது எப்படி? அவள் மாமியார் சமையலறையிலிருந்து ஸ்பூன்களைக் கொண்டுவந்து பரப்பினார். ஐந்து ஸ்பூன், ஐந்தும் ஐந்து ஜாதி! ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றையும் நிரப்பிப் பார்த்தோம். சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூன் 3 மில்லி கொண்டது. காபி கலக்குவது 4-க்குச் சற்று மேல். ஊறுகாய் ஸ்பூன் 7 மில்லி. சரியாக 5 மில்லி கொண்டது ஒன்றுகூட இல்லை. நம் ஊர்ச் சமையலறையின் குறை இது என்று நினைத்துவிடாதீர்கள். கிரீஸ் தேசத்தில் 25 வீடுகளிலிருந்து 71 டீஸ்பூன்களை வாங்கி அளந்து, 2010-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். மிகச் சிறியது 2.5 மில்லி, மிகப் பெரியது 7.3 மில்லி. ஒரே பெயர், மூன்று மடங்கு வித்தியாசம்.

அந்தக் காலத்துக் கம்பவுண்டர்களுக்கு டீஸ்பூன் என்றால் ஒரு டிராம், அதாவது சுமார் மூன்றரை மில்லி. மிக்ஸ்சர் பாட்டிலின் பக்கத்தில் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டி, வேளைக்கு ஒரு கோடு என்று காட்டிக் கொடுப்பார்கள். ஸ்பூனை அவர்கள் நம்பவில்லை, பாருங்கள்! பிறகு மெட்ரிக் முறை வந்து டீஸ்பூன் 5 மில்லி ஆயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் ஸ்பூன் என்ற சொல்லே மருந்துச் சீட்டில் வேண்டாம், மில்லி என்று மட்டும் எழுதுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் இங்கிலீஷ் சுருக்கெழுத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். பின்னது 15 மில்லி. ஒரு எழுத்துப் பிசகினால் மூன்று மடங்கு.

அளக்கும் பாத்திரம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுப்பார்களே, அதனுடன் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கரண்டி வரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 1 மில்லி, அதற்கு மேற்பட்டதற்கு 2 மில்லி. 2001 நவம்பரில் அஸ்ஸாமில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் இதைக் கொடுத்தார்கள். வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதிலாக அந்தத் தடவை 5 மில்லி கொள்ளும் கிண்ணம் வந்திருந்தது. கிண்ணத்தைக் கண்டால் நிரப்பத்தானே கை போகும்? நிரம்பக் கொடுத்தால் இரண்டரைப் பங்கு. பல குழந்தைகள் நோய்வாய்ப்பட்டன, சில இறந்தன. இறந்ததற்கு அந்த மருந்துதான் காரணமா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை, நானும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் கிண்ணம் மாறியதை எவரும் மறுக்கவில்லை.

ஆகவே மொரப்பூர்த் திண்ணையில் ஸ்பூன்கள் ஐந்தும் சமையலறைக்கே திரும்பின. 5 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஊசி வேண்டாம். மூடி இருந்தால் முதல் வேலையாக அதைத் தூர எறிய வேண்டும். குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய அளவு அது. இந்தச் சிரிஞ்சில் சாதாரணமாக ஒரு மில்லிக்கு ஐந்து சின்னக் கோடுகள் இருக்கும், கோட்டுக்குக் கோடு 0.2. 3.6 என்றால் 3-ஐத் தாண்டி மூன்றாவது கோடு. கறுப்பு ரப்பரில் நுனிப் பக்கத்து ஓரம் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். காற்றுக் குமிழி இருந்தால் நுனியை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும், குமிழியும் இடத்தை அடைத்துக்கொள்ளும் அல்லவா?

கலங்கலான சிரப் என்றால் முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் மேல் தண்ணீரும் கடைசி நாட்களில் அடி வண்டலும்தான் குழந்தைக்குக் கிடைக்கும். கொடுக்கும்போது நாக்கின் நடுவில் பீய்ச்சக் கூடாது. கன்னத்தின் உட்புறமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் புரையேறாது. பையன் முதல் தடவை துப்பப் பார்த்தான். இரண்டாம் தடவை சிரிஞ்சை விளையாடக் கேட்டான்.

சாயங்காலம் அவள் மறுபடி வந்தாள். "ஜுரம் கொஞ்சந்தான் இறங்கியிருக்கு பெரியம்மா. இன்னொரு தடவை கொடுத்துடட்டுமா?" கொடுத்து இரண்டு மணிதான் ஆகியிருந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் கணக்குத் தவறுகிறது. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், ஆறு மணி என்றால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. ஜலதோஷ மருந்துகள் பலவற்றிலும் பாராசிடமால் சேர்ந்திருக்கும், அதையும் படித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாட்டி ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று கொடுத்துவிடாமல் இருக்க, காலண்டர் தாளில் மணியையும் மில்லியையும் எழுதச் சொன்னேன். மில்லியை எழுதும்போது புள்ளியை அழுத்தமாக வைக்க வேண்டும், 3.6 என்பது அவசரத்தில் 36 ஆகிவிடும்.

அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் "குழந்தை விளையாடுகிறதே" என்று காத்திருக்கக் கூடாது. பாராசிடமால் விஷயத்தில் முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வாந்தி, சோறு வேண்டாம் என்ற பிடிவாதம், அவ்வளவுதான். கண் மஞ்சளாகத் தெரியும்போது ஈரல் கெட்டு இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது, அது முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். பாட்டிலையும் கொடுத்த ஸ்பூனையோ சிரிஞ்சையோ எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எடை எவ்வளவு, எத்தனை மில்லி, எத்தனை தடவை, கடைசியாக எத்தனை மணிக்கு என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள். காலண்டர் தாளையும் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள்.