ஏழு வயசானா என்ன ஆகும்?

மனு தயாரிக்கும்போது வழக்கறிஞர் எங்களிடம் எல்லாவற்றையும் கேட்டார். வீட்டுக் கடன் யார் பெயரில், பிள்ளை யாரோடு, மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள், எந்த விடுமுறை யாருக்கு. பிள்ளையிடம் இதை யார் சொல்வது, என்னவென்று சொல்வது என்று மட்டும் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

நானும் மனைவியும் சேர்ந்து கேட்ட மணவிலக்கு என்பதால், பதிவு இலாகாவின் சமரசக் குழுமுன் போய் உட்கார வேண்டியிருக்கவில்லை. நீதிபதி ஒப்புக்கொண்டாலும் உடனே முடிந்துவிடாது. முதலில் ஓர் ஆணை, வழக்கமாக மூன்று மாதம் கழித்து இறுதி ஆணை. பெரியவர்களுக்கு இந்தத் தேதிகள்தான் பெரிது. ஐந்து வயது மகளுக்கு ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் என்ன நடந்தால் என்ன? அப்பாவின் துணிகள் அலமாரியில் இல்லாத நாள்தான் அவளுக்கு நாள். அதனால் கோர்ட் தேதியை விட்டுவிட்டு, நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிளாங்கில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் சொல்வது என்று முடிவு செய்தோம். அதற்கும் முன்பே சொன்னால், ‘அடுத்த மாதம்’ என்பது அந்த வயதில் பிடிபடாது. தினமும் இன்றைக்கா இன்றைக்கா என்று பயந்துகொண்டிருப்பாள்.

எங்கள் சொந்தத்தில் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு: “அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிடு.” உண்மையிலேயே பல அப்பாக்கள் அப்படிப் போவதால் பிள்ளை நம்பும். சிக்கலே அதுதான். வேலைக்குப் போனவர் திரும்பி வருவார், பிள்ளையும் காத்திருக்கும்.

சொல்லாமலே விட்டுவிடுவது நம்மவர் பழக்கம் மட்டுமல்ல. கலிபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டைனும் ஜோன் கெல்லியும் 1971-இல் தொடங்கிய ஆய்வில், பிரிந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளோடு பேசினார்கள். பள்ளி செல்லாத சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு யாரும் சரியாக விளக்கவே இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்தபோது அப்பா இல்லை, அவ்வளவுதான். காரணம் தெரியாத பிள்ளை தானே ஒரு காரணத்தைச் செய்துகொள்ளும். அந்த வயதில் உலகமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்பதால், அந்தக் காரணம் பெரும்பாலும் தானாகவே இருக்கும். நான் மைலோவைக் கொட்டினேன், அப்பா கோபித்தார், அப்பா போய்விட்டார்.

ஆனால் சொல்லிவிட்டால் போதும் என்று எண்ணிவிடவும் முடியாது. அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சிக்காரர்கள், பிள்ளைகளுக்கு எதையும் பக்குவமாகச் சொல்வதில் கைதேர்ந்தவர்கள். 1992-இல் ஸ்னஃபி என்ற பெரிய பொம்மையின் பெற்றோர் பிரிவதாக ஒரு பகுதி எடுத்தார்கள். ஒளிபரப்புவதற்கு முன் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டார்கள். அப்பா அம்மாவுக்கு ஸ்னஃபிமேல் இன்னும் அன்பு இருக்கிறது என்பது பல பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. சண்டை போட்டாலே பிரிந்துவிடுவார்கள் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. அவர்கள் மீண்டும் இதைத் தொட்டது 2012-இல்தான். அப்போது ஆபி என்ற பொம்மைக்கு ஏற்கெனவே இரண்டு வீடு, பிரிவு பழசாகிவிட்டிருந்தது.

இதைப் படித்த பிறகு நாங்கள் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தோம். ‘சண்டை’ என்ற சொல்லை எடுத்தோம். நாளைக்கு அம்மாவும் பாட்டியும் சத்தமாகப் பேசினாலும் பயப்படுவாள். ‘எங்களுக்குள் அன்பு இல்லை’ என்பதையும் எடுத்தோம். அன்பு தீர்ந்துபோகும் பொருள் என்றால், அவள்மேல் உள்ளதும் தீரலாமே. மிஞ்சியது கொஞ்சம்தான். ஞாயிறு காலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னோம். நான்தான் பேசினேன், ஏனென்றால் போகிறவன் நான்.

“பாப்பா, அப்பாவும் அம்மாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்கப் போறதில்ல. இது பெரியவங்க முடிவு. நீ எதுவும் செஞ்சதால இல்ல. அப்பா கிளாங்குல பாட்டி வீட்டுல தூங்குவேன். நீ அம்மாவோட இங்கயே இருப்ப, அதே பாலர் பள்ளிதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பா வந்து கூட்டிட்டுப் போவேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவேன். நான் எப்பவும் உன் அப்பாதான்.”

அவள் கேட்ட முதல் கேள்வி, “என் பூனை பொம்மை எங்க தூங்கும்?” அவள் கவலைப்படவில்லை என்று நினைத்துவிடக் கூடாது, அது அவளைப் பற்றியே கேட்ட கேள்வி. “நீ எங்க தூங்குறியோ அங்க” என்றாள் அவள் அம்மா. மறுநாள் சென்ட்ரலில் கோமுட்டர் ஏறி, கிளாங் வரைக்கும் போய், அவள் பல் துலக்கும் பிரஷை அங்கே ஒரு டம்ளரில் வைத்துவிட்டு வந்தோம்.

சொன்னது அன்றோடு முடியவில்லை. அதே கேள்வி குளிக்கும்போது, சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது வரும். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் பதில் சொன்னோம். மாற்றிச் சொன்னால் விஷயமே மாறிவிட்டதோ என்று குழம்புவாள். நடுநடுவே, “உன் பூனைக்கு நீயே சொல்லேன், அப்பா எங்க இருப்பாரு?” என்று கேட்பேன். பூனைக்கு அவள் சொல்வதிலிருந்துதான் அவள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அப்படித்தான் ஒரு நாள் வெளிவந்தது: “ஏழு வயசானா நான் அம்மாவ விட்டுப் போயிடணும் பூனை.” எங்களில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. விசாரித்ததில், தீபாவளிக்கு வந்த ஓர் உறவினர், பிள்ளை விளையாடுகிறது என்ற தைரியத்தில், “ஏழு வயசு வரைக்கும் அம்மாகிட்டதான், அதுக்கப்புறம்தான் பார்க்கணும்” என்று சட்டம் பேசியிருக்கிறார். சட்டத்தில் ஏழு வயது உண்மையிலேயே இருக்கிறது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88-ஆவது பிரிவு, ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று தொடக்கத்தில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது மறுக்கக்கூடிய அனுமானம்தான். பிள்ளையின் நலனே முதலாவது, இருக்கும் இடத்தை மாற்றிக் குலைப்பது நல்லதா என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஏழு முடிந்ததும் பிள்ளையைக் கைமாற்ற வேண்டும் என்று எங்கும் இல்லை.

இதையெல்லாம் ஐந்து வயதுக்குச் சொல்ல முடியுமா? “ஏழு வயசுலயும் நீ இங்கதான், எட்டுலயும் இங்கதான். கேக் வெட்ட நானும் வருவேன்” என்றேன். சில இரவுகளாகப் படுக்கை நனைந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு அது மெல்ல மெல்ல நின்றது. இதனால்தான் நின்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பாலர் பள்ளி ஆசிரியையிடமும் விவரத்தைச் சொல்லிவைத்திருந்தோம். வகுப்பில் திடீரென்று அழுதால் அடம் என்று எடுத்துக்கொள்ள மாட்டாரே.

எங்கள் சொற்களை எல்லா வீட்டுக்கும் எடுத்துக்கொள்ள முடியாது. அடி உதை இருந்த வீட்டில் ‘இது பெரியவங்க முடிவு’ என்று இருவர் பேரிலும் சொல்வது பொய். அந்தப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இனி யாரும் அடிக்க மாட்டார்கள் என்பதுதான். வாரக் கடைசியில் வருவேன் என்று சொல்லிவிட்டு வர முடியாத அப்பாவும் அந்த வாக்கியத்தைத் தொடக் கூடாது.

இப்போது அவள் கேட்பது வேறு: “நான் சமத்தா இருந்தா நீங்க திரும்பி வருவீங்களா?” வர மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லைதான். ஆனாலும் சொல்கிறேன்: “இல்லம்மா. சமத்தா இருந்தாலும் அடம் பிடிச்சாலும் அப்பா வீடு கிளாங்குலதான். வெள்ளிக்கிழமை வருவேன்.” ஏன் பிரிந்தீர்கள் என்று ஒருநாள் கேட்பாள். அதற்கு என்ன சொல்வது என்று நானும் அவள் அம்மாவும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாம் ஆண்டில் சேர்வதற்குள் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.