அத்தையும் மூணு லிட்டர் குக்கரும்

இந்தூர்லேர்ந்து அத்தை போன். எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "டேய் கண்ணா, உங்க கடைலதாண்டா வாங்கினேன். அடுப்புல வெச்சா சூடே ஆகல. அடுக்கும் உள்ள போகல."

குர்கான்ல நான் வேலை பார்க்கிறது ஆன்லைன்ல வீட்டுச் சாமான் விக்கிற கம்பெனி. மருமான் வேலை பார்க்கிற கடையாச்சேன்னு அத்தை பிரஷர் குக்கர் ஆர்டர் பண்ணியிருக்காங்க. புது ஃப்ளாட்ல கேஸ் கனெக்ஷன் இன்னும் வரல, ஒரு இண்டக்ஷன் அடுப்புதான். அத்திம்பேர் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. குழைஞ்ச சாதம் மட்டும்தான் சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். குக்கர் வந்து சேர்ந்த அன்னிக்கு அதுல சாதம் வேகல.

"இண்டக்ஷன்னு பார்த்துத்தானே வாங்கினீங்க?"ன்னேன். "பேஜ்ல மேலயே போட்டிருந்துதேடா, மூணு தடவை!"ன்னாங்க.

போட்டிருந்தது நான்தான் :-(

குக்கர் பிரிவோட முகப்புல இருந்த அறிமுகப் பத்தியை நான் எழுதி ரெண்டு வருஷம் இருக்கும். இங்கிலீஷ்ல எழுதினதைத் தமிழ்ல சொன்னா கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "சிறந்த பிரஷர் குக்கர் ஆன்லைனில் வாங்குங்கள். குறைந்த விலை பிரஷர் குக்கர், இண்டக்ஷன் பிரஷர் குக்கர், ஸ்டீல் பிரஷர் குக்கர், 3 லிட்டர் பிரஷர் குக்கர், 5 லிட்டர் பிரஷர் குக்கர் அனைத்தும் ஐ.எஸ்.ஐ. தரத்தில்..." இதே மாதிரி நானூறு வார்த்தை. கூகுள்ல ஜனங்க என்னென்ன தேடுவாங்களோ அத்தனையையும் கொட்டி வெச்சது. படிக்கிறதுக்கு ஒரு மனுஷர் வருவார்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. அத்தை வந்து படிச்சிருக்காங்க, நம்பியிருக்காங்க. "இண்டக்ஷன்"ங்கிற வார்த்தை எனக்கு வெறும் தேடுசொல், அவங்களுக்கு அது வாக்கு.

பாஸ் கிட்ட மாத்தணும்னு போய் நின்னேன். "ரேங்க் போயிடும்"னார். எல்லாரும் சொல்றதுதான். ஆனா அந்தப் பக்கத்துல நாப்பது குக்கர் இருக்கு, நாப்பது பேர்லயும் "பிரஷர் குக்கர்" இருக்கு, தலைப்புலயும் இருக்கு. பத்தியில நான் இன்னும் பதினஞ்சு தடவை எழுதினாத்தான் இது குக்கர் பக்கம்னு கூகுளுக்குப் புரியுமா என்ன? பக்கத்தோட கோடுல ஒளிச்சு வைக்கிற கீவேர்ட்ஸ் டேகை ரேங்குக்குப் பார்க்கிறதில்லைன்னு கூகுள் 2009லயே சொல்லிடுச்சு. சொற்களைத் திணிக்கிறதை அவங்க விதிமுறைல ஸ்பாம்னே எழுதி வெச்சிருக்காங்க. ஒரே ஒரு பிரிவுல மட்டும் பண்ணிப் பாருன்னு விட்டார்.

உடனே எழுத உக்காரல. முதல்ல குக்கரைத் திருப்பி அனுப்பினவங்க எழுதின காரணங்களைப் படிச்சேன். அப்புறம் கஸ்டமர் கேர் சாட், எங்க தளத்துலயே இருக்கிற தேடல் பெட்டியில என்ன தட்டறாங்கங்கிற பட்டியல். ரெண்டு சாயந்திரம் போச்சு. சுத்திச் சுத்தி வந்தது மூணே விஷயம்: அளவு பத்தல, இண்டக்ஷன்ல வேலை செய்யல, உள்ள வைக்கிற பாத்திரம் போகல. "சிறந்த"ங்கிறதைப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கல.

அளவுல என்ன சிக்கல்னா, 3 லிட்டர்ங்கிறது குக்கரோட மொத்தக் கொள்ளளவு. அதை முழுசா நிரப்ப முடியாது. சாதாரணமா மூணுல ரெண்டு பங்குதான், அரிசி, பருப்பு மாதிரி பொங்கறதுக்குப் பாதிதான். அதாவது நேரா அரிசி போட்டா தண்ணியும் சேர்த்து ஒண்ணரை லிட்டர். 200 மில்லி டம்ளர்ல ரெண்டு டம்ளர் அரிசியும் நாலு டம்ளர் தண்ணியும் போட்டா 1200 மில்லி ஆச்சு. மூணாவது டம்ளர் அரிசி போட்டா விசில் வழியா கஞ்சி வரும், சுவரெல்லாம் கோலம்!

இண்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டற அடிப்பாகம் வேணும். வெறும் அலுமினியம்னா அடியில தனியா ஸ்டீல் தகடு இருந்தாத்தான் ஆகும். ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தத்தை அடியில வெச்சுப் பார்த்தாலே ஓரளவு தெரிஞ்சுடும்.

மூணாவது நம்மாட்கள் சமாச்சாரம். மூடி உள்பக்கமா மாட்டற குக்கர்ல வாய் நீள்வட்டமா, உடம்பை விடக் குறுகலா இருக்கும். தாலை நேரா போட்டுச் சமைக்கிற வடக்கத்திக்காரங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல. சாதம், பருப்பு, காய்னு அடுக்கு வைக்கிற நமக்கு வெளிமூடிதான் சரி. (பாஸுக்கு இதை விளக்க ஆபீஸ் பேன்ட்ரில காப்பிக் கப்பை அடுக்கிக் காட்ட வேண்டியதாயிடுச்சு.)

பழைய பத்தியிலேர்ந்து ஐ.எஸ்.ஐ. பெருமையை எடுத்துட்டேன். 2021 பிப்ரவரிலேர்ந்து வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நாப்பதுக்கும் பொதுவான ஒண்ணைச் சொல்லி எதைத் தேர்ந்தெடுக்க?

கடைசில நின்னது இவ்வளவுதான்:

"ரெண்டு பேருக்கு 3 லிட்டர், நாலு பேருக்கு 5 லிட்டர் பாருங்கள். பாதி அளவுதான் அரிசியும் தண்ணீரும் கொள்ளும். அடுக்கு வைத்துச் சமைப்பவர்கள் வெளிமூடி குக்கர் எடுங்கள். உள்மூடியில் வாய் குறுகல். இண்டக்ஷன் அடுப்பா? எல்லா அலுமினிய குக்கரும் அதில் சூடாகாது. இண்டக்ஷன் குறி உள்ளவை இங்கே."

"வெளிமூடி", "இங்கே"ங்கிற இடங்கள்ல தட்டினா அந்த குக்கர்கள் மட்டும் வர மாதிரி இணைப்பு. மொபைல்ல நாலஞ்சு வரியில முடிஞ்சுடும், கீழயே குக்கர் படம் தெரியும். பாதி அளவு ஏன், காந்தம் எப்படின்னு விளக்கமெல்லாம் பட்டியலுக்குக் கீழ.

முடிஞ்சுதுன்னு நினைச்சு "இங்கே"யைத் தட்டினேன். முதல் வரிசைலயே அத்தை வாங்கின அதே குக்கர் பல்லை இளிச்சுது! விக்கிறவர் ஃபாரத்துல "இண்டக்ஷன்: ஆம்"னு கண்ணை மூடிக்கிட்டு டிக் பண்ணியிருக்கார். இன்னும் சிலர் அந்தக் கட்டத்தையே காலியா விட்டிருந்தாங்க. பத்தி எழுத ஒரு மணி நேரம்தான் ஆச்சு, ஒவ்வொரு விக்கிறவரையா கூப்பிட்டு அடிப்பாகத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்க்க ஒரு வாரம். அதைச் செய்யாம பத்தியை மட்டும் மாத்தியிருந்தா, பழைய பொய்யையே நல்ல நடையில எழுதின மாதிரிதான்.

ரேங்க்? முதல் ரெண்டு வாரம் கொஞ்சம் ஆடுச்சு, அப்புறம் பழைய இடத்துக்கே வந்துடுச்சு. "இண்டக்ஷன்ல வேலை செய்யல"ன்னு திரும்பி வரது நல்லாவே குறைஞ்சிருக்கு. அது பத்தியாலயா, டிக்கைத் திருத்தினதாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியல, ரெண்டையும் ஒரே வாரத்துல பண்ணினது என் தப்பு. "அளவு பத்தல" மட்டும் அவ்வளவா குறையல. நடுவுல தீபாவளி வேற வந்துது, பரிசா வாங்கினவங்க கொடுக்கப்போற வீட்டுல எத்தனை பேர்னு பார்த்தா வாங்கறாங்க?

அத்தை இப்ப 5 லிட்டர் ஸ்டீல் வெளிமூடி வெச்சிருக்காங்க. புதுப் பத்தியைப் படிச்சுக் காட்டினேன். "எத்தனை அடுக்கு போகும்னு எழுதலியேடா"ன்னாங்க. ஒவ்வொரு குக்கருக்கும் உள்ளுயரம் அனுப்பச் சொல்லி நாளைக்கு மறுபடி போன் போடணும்.