தேதியை இரண்டு முறை சொன்னார் அப்பா

எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நாங்கள் அழைப்பிதழ் அட்டை அச்சடிக்கவில்லை. கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளியைத்தான் உறவினர்களுக்கு அனுப்பினோம். மூன்று நிமிடம் இருபது வினாடி. அதில் அப்பா கதவு கதவாக நடந்து வீட்டைக் காட்டுகிறார். விழாத் தேதியை இரண்டு முறை சொல்கிறார். பார்த்தவர்களில் சிலர், "ஏன்மா, உங்கப்பாவுக்கு ஞாபக மறதியா?" என்று சிரித்தார்கள். மறதி இல்லை. ஒரு முறை மட்டும் சொன்னதால் எங்கள் குடும்பம் ஒன்பது ஆண்டுகள் பட்ட பாடுதான் காரணம்.

2015ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி, சனிக்கிழமை, என் அக்காவின் திருமண விருந்து. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் அத்தைக்கு அப்பா தொலைபேசியில் சொன்னார். அத்தை அப்பாவின் மூத்த சகோதரி. பன்னிரண்டு வயதிலேயே பால்மரம் சீவப் போனவர். தம்பி படிக்க வேண்டும் என்று தான் பள்ளிக்கூடத்தை விட்டவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா வேலையிடத்து இரைச்சலில் நின்றுகொண்டு, "பதினாறாம் தேதி, கட்டாயம் வந்துடணும்" என்றார். கிழமையைச் சொல்லவில்லை. அத்தையின் காதில் அது "பதினேழாம் தேதி" என்று விழுந்தது.

பதினேழு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண விருந்து வைக்கப் பொருத்தமான நாள் என்பதால் அத்தைக்குச் சந்தேகமே வரவில்லை. அழைப்பிதழ் அட்டையும் தபாலில் போயிருந்தது. அதைப் படித்துச் சொல்ல அப்போது வீட்டில் ஆள் இல்லை. அவர் மகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். மஞ்சள் தடவிய அட்டையைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, ஞாயிறு மாலை பட்டுச்சேலை உடுத்தி, பேருந்தில் மண்டபத்துக்கு வந்திருக்கிறார். வாசலில் வேறொரு குடும்பத்தின் விருந்து நடந்துகொண்டிருந்தது.

அத்தை யாரையும் அழைக்காமல் அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார். தம்பி வசதி வந்ததும் தன்னைத் தவிர்க்க வேறு தேதி சொல்லிவிட்டான் என்று அவர் நினைத்தார். அக்கா வேண்டுமென்றே வரவில்லை என்று அப்பா நினைத்தார். இருவரும் வீம்புக்காரர்கள். நடந்ததை அத்தான்தான் 2022இல் ஈப்போவில் ஒரு துக்க வீட்டில் வைத்து எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகும் அப்பா தொலைபேசியை எடுப்பார், வைப்பார். ஏழு ஆண்டு மௌனத்தை எந்தச் சொல்லால் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சுங்கைப்பட்டாணியில் அந்த ஒற்றைமாடி வரிசை வீட்டை வாங்கினோம். இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்த அப்பாவுக்கு அது முதல் சொந்த வீடு. 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி 23. அதிகாலை நாலரை முதல் ஆறுக்குள் முகூர்த்தம் என்று ஐயர் குறித்துக் கொடுத்தார். அட்டை அத்தைக்குப் பயன்படாது; தொலைபேசியில் பேச அப்பாவுக்கு வாய் வராது. "எல்லாருக்கும் பேசுற மாதிரி பேசுங்கப்பா. அத்தையும் கேட்பாங்க" என்றேன். அப்படித்தான் காணொளி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

அம்மாவுக்கு ஒரு தயக்கம். பால் காய்ச்சுவதற்கு முன் வீட்டை ஊருக்கே காட்டலாமா, கண் பட்டுவிடாதா? கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். எல்லாக் கதவுகளையும் திறந்து காட்டலாம். சாமி அறைக் கதவை மட்டும் திறக்கக் கூடாது.

முதல் முறை எடுத்தது ஏழு நிமிடம் ஓடியது. அதில் பாதி, தரை ஓடு என்ன விலை என்ற கதை. அதைவிடப் பெரிய குறை ஒலியில் இருந்தது. பொருள் எதுவும் வராத வீட்டில் ஓட்டுத் தரையிலும் வெறும் சுவரிலும் குரல் மோதித் திரும்புகிறது. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுகிறது. நேரில் நிற்கும்போது நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. கைப்பேசியில் கேட்டால் "எட்டாம் தேதி" என்பதா "ஏழாம் தேதி" என்பதா என்று எனக்கே குழம்பியது. பதினாறும் பதினேழும் நினைவுக்கு வந்தன. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

மறுநாள் வாடகை வீட்டிலிருந்து நான்கு போர்வைகளையும் இரண்டு மெத்தைகளையும் கொண்டுபோனோம். போர்வைகளைச் சன்னல் கம்பிகளில் தொங்கவிட்டு, மெத்தைகளைக் காணொளியில் தெரியாதபடி என் பின்னால் சாய்த்து வைத்தோம். எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. நடக்கும்போது தேதியைச் சொல்லக் கூடாது, நின்று, கைக்கெட்டும் தூரத்தில் கைப்பேசியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். வெளிச்சத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் படம் ஒரு கணம் இருட்டாகிப் பிறகுதான் தெளிகிறது. அதனால் ஒவ்வொரு நிலைப்படியிலும் அப்பா மனத்துக்குள் மூன்று எண்ணிய பிறகே பேசினார்.

வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தோம். வருகிறவர்கள் இருட்டில் வருவார்கள். நம் ஊரில் விடிவதற்கு ஏழு மணி ஆகிவிடும். எந்தக் கதவுக்குப் பின் எந்தக் கதவு என்று தொடர்ச்சியாகப் பார்த்திருந்தால்தான் வழி மனத்தில் நிற்கும். முதலில் பச்சை நிற இரும்புக் கதவு. வலப்பக்கம் கால் கழுவக் குழாய். பிறகு வாசற்கதவு, கூடம், இரண்டு படுக்கையறைகள். சமையலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும் என்பதை அப்பா தன் காலை வைத்தே காட்டினார். அப்புறம் பின்கதவு, சமையலும் பந்தியும் அந்தப் பக்கம்.

எடுத்ததை உடனே அனுப்பவில்லை. வாடகை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவர் வீட்டுத் தொலைக்காட்சியை அணைக்காமலே காணொளியைப் போட்டுக் காட்டி, "எப்ப பாட்டி விசேஷம்?" என்று கேட்டேன். "எட்டாம் தேதி. நாலரைக்கு" என்றவர், சற்று யோசித்து, "ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு ராகு காலமாச்சே! எந்த ஐயர் குறிச்சது?" என்றார். அப்பா "காலை" என்று சொல்லாமல் விட்டிருந்தார். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு ராகு காலம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. விடியற்காலை என்று விளக்கியதும் அடுத்த கேள்வி வந்தது. "அப்ப சனிக்கிழமை ராத்திரியே வரணுமா, ஞாயித்துக்கிழமை ராத்திரியா?"

நல்ல வேளையாகப் பாட்டியிடம் கேட்டோம். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொன்னால், முதல் முறை தவறாகக் கேட்டவர் இரண்டாம் முறையும் தவறாகவே கேட்பார். இரண்டாவது முறை வேறு வழியில் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடியும். எண்ணை நினைவில் வைக்காதவர்களுக்கும் பண்டிகை நினைவிருக்கும். அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 7, சனிக்கிழமை. எங்கள் விழா அதற்கு மறுநாள்.

மூன்றாம் முறை எடுத்தபோது, இரும்புக் கதவின் முன் நின்று அப்பா சொன்னார்: "செப்டம்பர் மாசம் எட்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை, விடியக்காலை நாலரை மணிக்குப் பால் காய்ச்சுறோம்."

பிறகு நடந்தார். கூடத்தை ஒட்டிய சின்ன அறைக்கு வந்தபோது, நாங்கள் பேசி வைக்காத ஒன்றைச் செய்தார். முந்தைய இரண்டு முறையும் கையை மட்டும் காட்டிக் கடந்துபோன அறை அது. இப்போது கதவை முழுவதும் திறந்து உள்ளே போய் நின்றார். "இந்த ரூமுக்குப் படி இல்ல. குளியலறையும் பக்கத்துலயே இருக்கு. முட்டி வலி உள்ளவங்க முந்தின நாளே வந்து இங்க படுத்துக்கலாம். எத்தன நாள் வேணும்னாலும் இருக்கலாம்" என்றார். பெயர் சொல்லவில்லை. எங்கள் உறவில் முட்டி வலி யாருக்கு என்று அனைவருக்கும் தெரியும். கைப்பேசியைப் பிடித்திருந்த என் கை கொஞ்சம் ஆடியது. காணொளியில் அந்த ஆட்டம் இப்போதும் இருக்கிறது.

கடைசியில் மூடியிருந்த சாமி அறைக் கதவின் முன் நின்றார். "இந்தக் கதவ அன்னைக்குத்தான் திறப்போம். சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி. அன்னைக்கு ராத்திரி தூங்கி எழுந்து, விடியறதுக்கு முன்ன. எல்லாரும் வாங்க."

குடும்பப் புலனக் குழுவில் அதைப் போட்டேன். அத்தானுக்குத் தனியாகவும் அனுப்பி, அத்தையிடம் காட்டிவிட்டு என்ன நாள் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "சொல்லிட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க." வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சதுர்த்தியன்று மாலை ஐந்து மணி இருக்கும். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தோம். பச்சைக் கதவருகே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அத்தை இறங்கினார். ஒரு கையில் துணிப்பை. மறு கையில் உப்பும் மஞ்சளும் கட்டிய பொட்டலம். அப்பா கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு அப்படியே நின்றார். அத்தை யாரிடமும் வழி கேட்கவில்லை. வலப்பக்கம் திரும்பிக் குழாயில் கால் கழுவினார்.

"நாளைக்குத்தானே அக்கா" என்றார் அப்பா. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் சொற்கள் அவை.

"தெரியும்டா. ரெண்டு தடவ சொன்னியே" என்றார் அத்தை. "இந்தத் தடவ ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன்."

மறுநாள் விடியற்காலை சாமி அறைக் கதவைத் திறந்ததும், உப்பையும் மஞ்சளையும் முதலில் உள்ளே எடுத்துச் சென்றவர் அத்தைதான். பால் பொங்கியபோது மணி ஐந்தேகால். அந்தச் சின்ன அறையில் அவர் பதினோரு நாள் இருந்தார்.