பருப்புத் தண்ணீர் போதாது

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நம் வீடுகளில் முதலில் ஊட்டுவது பெரும்பாலும் பருப்புத் தண்ணீர்தான். பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்து, ஒரு சொட்டு நெய் விட்டு ஊட்டுவார்கள். குழந்தையும் சப்புக்கொட்டிக் குடித்துவிடும்; சின்ன வயிறு நிறைந்தும்விடும். ஆனால் அந்த வயதில் அதற்கு அவசரமாக வேண்டிய இரும்புச்சத்து அடியில் தங்கிய பருப்பில் அல்லவா இருக்கிறது! அந்தப் பருப்பைச் சாம்பாரில் போட்டு நாம் சாப்பிட்டுவிடுகிறோம். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க நான் வீடு வீடாகச் சொல்லிவந்தது இதைத்தான். ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து இரும்பை வாங்கி ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் குழந்தை பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும் என்பது உண்மை. ஆனால் அளவு மிகக் குறைவு. ஒரு லிட்டர் பாலில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. இந்த வயதிலோ குழந்தை வேகமாக வளர்கிறது, மூளையும் வளர்கிறது. அமெரிக்காவில் வகுத்துள்ள அளவின்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு 11 மில்லிகிராம் வேண்டும். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

அதனால் ஊட்டும் ஒவ்வொரு கரண்டியும் கெட்டியாகவும் சத்தோடும் இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். உணவு ஒழுகி ஓடினால் அதில் தண்ணீர்தான் அதிகம். மெதுவாக நகர்ந்து விழுந்தால் பக்குவம் சரி.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தைக்குப் போன ஆண்டு போட்டுக்கொடுத்த ஒரு வார முறையைச் சொல்கிறேன். தலை நன்றாக நின்றுவிட்டது. சாய்த்து உட்காரவைத்தால் உட்கார்ந்தது. நாம் சாப்பிடும்போது கையை நீட்டியது. உணவு தொடங்க இவைதாம் அடையாளம்.

திங்கட்கிழமை காலை 11 மணிக்கு, பால் குடித்துச் சற்று நேரம் கழித்து, குழைய வேகவைத்த சோற்றோடு பாசிப்பருப்பையும் சேர்த்து மசித்து இரண்டு சிறு கரண்டி. உப்பும் சர்க்கரையும் இல்லை. ஆறியதும் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. இந்தச் சாறு முக்கியம். பருப்பு, தானியம், கீரை இவற்றில் உள்ள இரும்பு குடலில் எளிதாக ஏறாது. வைட்டமின் சி கூட வந்தால் நன்றாக ஏறும். சூட்டில் அந்தச் சத்து கெடும் என்பதால் இறக்கி ஆறியபின் பிழிய வேண்டும். செவ்வாயும் அதே உணவு, ஒரு கரண்டி கூடுதலாக.

புதன்கிழமை கோழி ஈரல் என்றேன். மாமியார் பதறிவிட்டார்.

"ஆறு மாசப் பிள்ளைக்கு ஈரலா? செரிக்குமா அக்கா?"

செரிக்கும். இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு வேறு வடிவில் இருப்பதால் குடல் அதை எளிதில் எடுத்துக்கொள்கிறது. அதோடு, கூடவே ஊட்டும் பருப்பின் இரும்பையும் ஏறவைக்கிறது. ஒரே ஒரு ஈரலை வாங்கிக் கழுவி, நரம்பு நீக்கி, நடுவில் சிவப்பு துளியும் தெரியாதபடி வேகவைத்தோம். விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்தது. அதில் ஒரு சிறு கரண்டியைப் பருப்புச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள் அந்தப் பெண். முகத்தைச் சுளித்தது, துப்பியது, பிறகு வாயைத் திறந்தது. மீதியை உடனே ஐஸ் தட்டில் குழி குழியாக வைத்து உறையவிட்டோம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். ஆகவே வாரம் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, ஒரு கரண்டி அளவு போதும். தினமும் கூடாது.

வியாழன் முழுதாக வெந்த முட்டை, கொஞ்சம். முட்டை நல்ல உணவுதான். ஆனால் மஞ்சள் கருவிலுள்ள இரும்பு அவ்வளவாக உடம்பில் சேராது. அதை இரும்புக் கணக்கில் வைக்க வேண்டாம். ஏற்கெனவே கடுமையான தோல் அரிப்பு நோய் உள்ள குழந்தையானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் கறி கிடையாது. முளைகட்டிய கம்பைக் காயவைத்து, வறுத்து, அரைத்த மாவில் கெட்டிக் கஞ்சி. கேழ்வரகைவிடக் கம்பில் இரும்பு கூடுதல். முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் பொருளும் குறையும். பக்கத்தில் விதை நீக்கி மசித்த கொய்யா. சனிக்கிழமை மைசூர்ப் பருப்போடு முருங்கைக்கீரை, நன்றாக அரைத்து. வெந்த தக்காளியும் சேரலாம். அன்றிலிருந்து மாலையிலும் ஒரு வேளை. ஞாயிறு ஆட்டுக் கறியைக் குழைய வேகவைத்து, நார் தெரியாமல் அரைத்து இரண்டு கரண்டி. சுவரொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரலைவிட அதில் இரும்பு பல மடங்கு. கறி வெந்த சூப்பை மட்டும் ஊட்டினால் பருப்புத் தண்ணீர் கதைதான்.

அடுத்த வாரமும் இதே முறைதான். அளவு மட்டும் ஏறும். மாதக் கடைசியில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று பெரிய கரண்டி, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. எட்டு மாதத்துக்குள் ஒரு வேளைக்கு அரை டம்ளர் வரும். தாய்ப்பால் தொடர வேண்டும். ஒரு வயதுவரை பசும்பாலைப் பாட்டிலில் ஊற்றிக் குடிக்கவிடாதீர்கள். அதில் இரும்பும் மிகக் குறைவு, வயிற்றை நிறைத்து உணவையும் தள்ளிவிடும். தேனும் வேண்டாம். ஒரு வாய் டீ ஊட்டுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. டீ இரும்பைத் தடுக்கும்.

சைவக் குடும்பமானால் பருப்பும் கம்பும் கொள்ளும் தினமும் வேண்டும், ஒவ்வொரு வேளையும் புளிப்புப் பழமோ எலுமிச்சையோ கூட வேண்டும். அப்படியும் உணவால் மட்டும் தேவை முழுக்க நிறைவது கடினம். அதற்காகத்தான் அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து தருகிறார்கள். மலம் கறுத்துப் போகும் என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள்; அது கெடுதல் இல்லை. ஆனால் பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தையின் சேமிப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆறு மாதம்வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

உள்ளங்கையும் கீழ் இமையின் உட்புறமும் வெளிறியிருந்தால், குழந்தை சோர்ந்து பாலைக்கூடச் சரியாகக் குடிக்காமல் இருந்தால், அது இரத்தக் குறைவாக இருக்கலாம். பல குழந்தைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மைத் தடுப்பூசிக்குப் போகும்போது, இரத்த அளவையும் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி நீங்களாகவே கேளுங்கள்.