சில்லின் உயரமும் மீற்றரின் கணக்கும்

மோட்டார்க் காரின் முகப்பிலே இருக்கும் வேகமானி வீதியைப் பார்ப்பதில்லை. வீதியின் நீளத்தை அது அளப்பதுமில்லை. சில்லு எத்தனை முறை சுற்றியது என்பதொன்றையே அது அறியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று காரைச் செய்தவர்கள் முன்னரே கணித்து வைத்த கணக்கின்படி, அந்தச் சுற்றுக்களைக் கிலோமீற்றராக மாற்றி நமக்குக் காட்டுகின்றது. ஆகவே ரயரின் உயரத்தை மாற்றுகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்தக் கணக்கையும் மாற்றிவிடுகின்றார். மீற்றரோ பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

வவுனியாவிலே வாழும் என் தமக்கையின் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரிடம் பழைய ஜப்பானியக் கார் ஒன்று உண்டு. அதன் வேகமானி கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிளினால் ஓடுவது. கிராமத்து வீதிகளிலே காரின் அடிப்பாகம் கல்லில் முட்டுகின்றதென்று, சென்ற ஆண்டில் அவர் பழைய றிம்களைக் கழற்றி, ஓரங்குலம் பெரிய றிம்களையும் அவற்றுக்கு உயரமான ரயர்களையும் போட்டார். கார் நிமிர்ந்து நின்றது. கல்லிலே முட்டுவதும் குறைந்தது. ஆனால், முன்னர் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 14 கிலோமீற்றர் ஓடிய கார், இப்பொழுது 13 அளவிலேயே நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கவேண்டுமென்று கராஜிலே சொன்னார்கள். அதற்கான செலவு ஓய்வூதியக்காரர் ஒருவர் இலேசாகத் தாங்கக்கூடியதன்று.

ரயர் மாற்றத்தினால் மீற்றர் பிழைத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். அத்தான் அதனை ஏற்கவில்லை.

“இல்லைத் தம்பி, அதையும் பாத்திட்டன். மீற்றர் 70 காட்டேக்கை மகன்ரை போனும் 70, 71தான் காட்டுது. மீற்றர் சரி; எஞ்சின்தான் களைச்சுப்போச்சு” என்றார்.

அவர் சொன்ன சோதனையிலே பொய்யில்லை. ஆயினும் அதிலிருந்து அவர் கொண்ட முடிவு சரியன்று. இந்த இடத்திலேதான் பலர் ஏமாறுகின்றனர். எனவே இதனைச் சிறிது விரித்துக் கூறுவது தகும்.

முதலில் ரயரின் உயரத்தைக் கணிக்கும் முறையைப் பார்ப்போம். காரின் கதவோரத்தில் ஒட்டப்பட்ட தாளிலே 175/70 R13 என்று இருந்தது. 175 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு என்பதைக் குறிக்கும், அதாவது 122.5 மில்லிமீற்றர். 13 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில், அது 330.2 மில்லிமீற்றருக்குச் சமம். பக்கச்சுவர் மேலும் கீழுமாக இருமுறை வருவதால் 245 மில்லிமீற்றரைக் கூட்டவேண்டும். ஆகச் சில்லின் முழு உயரம் 575 மில்லிமீற்றராகும்.

அத்தான் போட்ட புதிய ரயர் 185/70 R14. இதே முறையிற் கணித்தால் பக்கச்சுவர் 129.5, அதன் இருமடங்கு 259, றிம் 355.6, மொத்தம் ஏறத்தாழ 615 மில்லிமீற்றர். பழையதைவிட இது 40 மில்லிமீற்றர் உயரம். நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு அதிகம். காரின் அடிப்பாகம் அதிற் பாதியளவாகிய 20 மில்லிமீற்றர் மட்டுமே உயர்ந்தது. சில்லின் சுற்றளவோ முழு 7 பங்கும் கூடிவிட்டது.

காரின் பாரத்தினால் ரயர் சிறிது அமுங்குவதால், உயரத்தை 3.14 ஆற் பெருக்கி வரும் சுற்றளவைக் காட்டிலும் அது உருளும் தூரம் நூற்றுக்கு 3 அளவு குறையும். அந்தக் கணக்கின்படி பழைய சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 570 தடவை சுற்றியது. புதியது 533 தடவை சுற்றினாற் போதும். 570 சுற்றுக்கு ஒரு கிலோமீற்றர் என்று எண்ணப் பழகிய மீற்றர், 533 சுற்று வந்ததும் இன்னும் ஒரு கிலோமீற்றர் ஆகவில்லை என்றே காட்டும்.

அப்படியானால் வேகமுள் மட்டும் போனோடு ஒத்துப்போனது எவ்வாறு? வேகமுள்ளும் தூரக்கணக்கும் ஒரே கேபிளினால் ஓடினாலும், அவை வெவ்வேறு வகையில் வேலை செய்கின்றன. தூரக்கணக்கு பற்சில்லுகளால் நகர்வது. கேபிள் சுற்றியதற்கு மேலுமில்லாமற் கீழுமில்லாமல் அது எண்ணும். வேகமுள்ளோ காந்தத்தினால் இயங்குவது. 1902ஆம் ஆண்டில் ஒட்டோ சூல்சே என்னும் ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற முறை அது. கேபிளின் நுனியிலே காந்தம் சுழல, அருகிலுள்ள உலோகக் கிண்ணம் அதனோடு இழுபட்டுத் திரும்ப முயலும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்தும். அந்தக் கிண்ணத்தோடு பொருத்திய முள்ளையே நாம் பார்க்கின்றோம். வில்லின் இறுக்கத்தை மாற்றி, முள் எவ்வளவு காட்டவேண்டும் என்பதைச் செய்பவர்கள் தீர்மானிக்கலாம்.

அவர்கள் அதனை வேண்டுமென்றே சிறிது கூட்டிக் காட்டும்படி அமைக்கின்றனர். ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியின்படி வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டுவதற்கு மட்டும், உண்மை வேகத்தில் பத்திலொரு பங்கும் அதற்குமேல் 4 கிலோமீற்றரும் இடமுண்டு. பல நாட்டு உற்பத்தியாளர்கள் இந்த அளவையே தழுவி நடக்கின்றனர். ஆகவே பழைய ரயரோடு முள் 70 காட்டியபோது, கார் உண்மையில் 66 அளவிலேயே ஓடியிருக்கும். உயரமான ரயர் வந்ததும் அந்த 66, நூற்றுக்கு 7 கூடி, 70க்குச் சற்று மேலாயிற்று. ரயரின் பிழையும் முள்ளிலே முன்னரே வைத்திருந்த மிகையும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. அத்தான் கண்ட ஒற்றுமை அதுவே. தூரக்கணக்கிலோ அத்தகைய மிகை எதுவும் இல்லை. ஆகையால் அங்கே பிழை முழுமையாக நின்றது.

எனவே ரயர் மாற்றியவர் சோதிக்கவேண்டியது முள்ளை அன்று, தூரக்கணக்கையே. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்டி வீதியிலே கிலோமீற்றர்க் கற்கள் நாட்டப்பட்டிருக்கின்றன. ரயர்களுக்கு உரிய அளவு காற்றடித்து, ஒரு கல்லின் அருகே மீற்றரைக் குறித்துக்கொண்டு, கிளிநொச்சிப் பக்கமாகச் சென்றோம். வீதி திருத்தும்போது ஓரிரு கற்கள் இடம்மாறியிருக்கக்கூடும். ஆதலால் ஒரு கிலோமீற்றரையோ இரண்டையோ அளந்து முடிவுகட்டலாகாது. நாங்கள் 40 கிலோமீற்றர் சென்றோம். மீற்றர் காட்டியது 37.4. நாற்பதை 37.4 ஆற் பிரித்தால் 1.07 வரும். ரயர்களின் உயரத்தை ஒப்பிட்டுக் கண்ட விகிதமும் அதுவே.

பின்னர் பெற்றோற் கணக்கை எடுத்தோம். தாங்கியை நிரப்பி ஓடி மறுபடி நிரப்பியபோது, மீற்றர்ப்படி 280 கிலோமீற்றருக்கு 21.4 லீற்றர் சென்றதாக அத்தான் எழுதி வைத்திருந்தார். அது லீற்றருக்கு 13.1. ஆனால் கார் உண்மையில் ஓடியது 299 கிலோமீற்றர். 299ஐ 21.4 ஆற் பிரித்தால் 14. எஞ்சினுக்கு எந்தக் களைப்பும் இல்லை. மீற்றரே தூரத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தது. எஞ்சினைப் பிரிக்கும் எண்ணம் அன்றோடு கைவிடப்பட்டது.

இனித் திருத்தும் வழி. அது இரண்டு வகைப்படும். உயரமான ரயரையே வைத்துக்கொள்ள விரும்பினால், கியர்பெட்டியில் கேபிளின் அடியிலுள்ள சிறிய பற்சில்லை மாற்றவேண்டும். கேபிள் நூற்றுக்கு 7 அதிகமாகச் சுற்றவேண்டும். அதற்குப் பற்கள் குறைந்த சில்லு தேவை. இருப்பது 31 பல்லானால், 29 பல் உள்ளது கிட்டத்தட்டச் சரியாக ஈடுசெய்யும். அந்தக் கியர்பெட்டிக்குப் பொருந்தும் 29 பற்சில்லு கிடைக்கவேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம். கேபிள் இல்லாத பிற்காலக் கார்களில் மின்னுணரியின் துடிப்பைத் திருத்தும் சிறு கருவியைப் பொருத்தலாம். அல்லது கணினியிலே ரயரின் அளவை மாற்றலாம். ஆனால் பற்சில்லோ கருவியோ வேகமுள்ளையும் பழைய மிகைக்கே கொண்டுபோய்விடும். அது விதிக்கு இசைந்ததே, பிழையென்று கொள்ளவேண்டியதில்லை.

அத்தானின் காரிலே வேறொரு தொல்லையும் இருந்தது. பின்னிருக்கையில் மூவர் ஏறிவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது ரயர் மேலுள்ள தகட்டில் உரசியது. ஆகையால் இரண்டாவது வழியையே தெரிந்தோம். அது ரயரை மீற்றருக்கு இசையச் செய்வது. புதிய 14 அங்குல றிம்களை வைத்துக்கொண்டே, 185/60 R14 என்னும் தாழ்ந்த பக்கச்சுவருள்ள ரயர் போடப்பட்டது. பக்கச்சுவர் 111, இருமடங்கு 222, றிம்மோடு சேர்த்து 578 மில்லிமீற்றர். பழைய 575க்கும் இதற்கும் நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபாடில்லை. நூற்றுக்கு 3க்குள் நின்றாற் போதும் என்பது தொழிலறிந்தோர் வழக்கம். ரயரின் பக்கத்திலே அளவை அடுத்துப் பாரச்சுட்டெண் ஒன்று எழுதப்பட்டிருக்கும்; அது பழையதிலும் குறையலாகாது. பழையதிலும் புதியதிலும் 82 என்றே இருந்தது. ஒரு ரயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பது அதன் பொருள். காரின் அடிப்பாகம் பழைய உயரத்துக்கே இறங்கிவிட்டது. அந்த இழப்பை அத்தான் ஏற்றுக்கொண்டார்.

“தாழ்ந்த ரயர்” என்ற பெயரைக் கொண்டு சில்லு சிறுக்கும் என்று எண்ணுவதும் தவறு. பக்கச்சுவர் தாழும்போது றிம் பெருத்தால், முழு உயரம் முன்போலவே நிற்கும். றிம்மை மாற்றாமல் 13 அங்குலத்திலேயே 185/60 போட்டிருந்தால் உயரம் 552க்கு இறங்கி, 100 கிலோமீற்றர் ஓட்டத்தை மீற்றர் 104 என்று எண்ணியிருக்கும். கிலோமீற்றர்க் கணக்கிலே வாடகை கொடுப்பவருக்கு அது வீண் நட்டம். உயரமான ரயரானால் நட்டம் காரின் உரிமையாளருக்கு. 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுபவர் உண்மையில் 5340இலேயே மாற்றுவார்.

ரயர் ஒரே நிலையில் நிற்பதுமில்லை. புதிதில் 8 மில்லிமீற்றர் ஆழமுள்ள அதன் வரிகள் தேயத் தேய, சில்லின் உயரம் பன்னிரண்டு மில்லிமீற்றர் வரை குறையும். அதனால் மீற்றர் தூரத்தை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கூட்டி எண்ணும். ஆகையாற் கற்களோடு ஒப்பிட்டுக் கண்ட விகிதத்தை எழுதி வைப்பவர், அன்றைய திகதியோடு ரயரின் வரியாழத்தையும் சேர்த்து எழுதி வைப்பாராக. அடுத்த சோடி ரயர் வாங்கும் நாளிலே அந்தக் குறிப்பு உதவும்.